கறிக்கடையில் எதைப் பார்த்து வாங்குவது?

நோயில்லாத ஓர் ஆட்டின் தொடைச்சதையைப் பிளந்து பார்த்தால், அதன் உள்ளே கிருமிகள் அநேகமாக இருக்காது. உயிருள்ள உடல் தன் தசையைச் சுத்தமாகவே வைத்திருக்கிறது. கிருமிகள் குடியிருப்பது தோலிலும் குளம்பிலும் குடலிலும்தான். தோலுரிக்கும்போதும் குடலை எடுக்கும்போதும் கத்தி, கை, தண்ணீர் ஆகியவற்றின் வழியே அவை சதையின் மேல் வந்து ஒட்டிக்கொள்கின்றன. கறிக்கடை வாசலில் நிற்கும்போது நான் கவனிப்பதெல்லாம் இதை ஒட்டித்தான். மேலே ஒட்டியது எவ்வளவு, அது பெருக எவ்வளவு நேரமும் சூடும் கிடைத்தன, கத்தி அதை எங்கெல்லாம் கொண்டுபோனது?

கத்தியிலிருந்தே தொடங்குகிறேன். ஒரு கிலோ கறியைப் பத்து சென்டிமீட்டர் பக்கமுள்ள ஒரே கனசதுரமாக நினைத்துக்கொள்ளுங்கள். அதன் மேல்பரப்பு 600 சதுர சென்டிமீட்டர். குழம்புக்காக அதை இரண்டு சென்டிமீட்டர் துண்டுகளாக வெட்டினால் 125 துண்டுகள் வரும். மொத்த மேல்பரப்பு 3,000 ஆகிவிடும். அதையே மூன்று மில்லிமீட்டர் அளவுக்குக் கொத்தினால் ஏறத்தாழ 20,000, அதாவது இரண்டு சதுர மீட்டர். ஒரு பாய் விரிக்கும் அளவு இடம்! வெளியே மட்டும் இருந்த கிருமிகள் இப்போது கறி முழுக்கப் பரவிவிடுகின்றன. போதாததற்கு, வெட்டுப்பட்ட தசையிலிருந்து கசியும் சாறு அவற்றுக்கு நல்ல உணவு. அதனால்தான் முன்பே கொத்தித் தட்டில் குவித்து வைத்திருக்கும் கொத்துக்கறியை நான் தொடுவதில்லை. தொடையைக் காட்டி, கண்ணெதிரே கொத்தித் தரச் சொல்வேன். அதற்காகக் கால் மணி நேரம் காத்திருப்பதில் எனக்குத் தயக்கமே இல்லை.

கொக்கியில் தொங்கும் ஆட்டைப் பார்த்து முகம் சுளிப்பவர்கள் பலர். ஈயும் தூசியும் மொய்க்கும் தெருவோரத்தில் தொங்கினால் சுளிப்பது நியாயம். ஆனால் வலைக்கதவுக்குப் பின்னால், காற்றோட்டமான இடத்தில் தொங்கும் முழுத்தொடைக்கு ஒரு நன்மை உண்டு. அதன் மேல்பரப்பு காய்ந்து, மெல்லிய தோல் படிந்ததுபோல் ஆகிவிடுகிறது. ஈரம் இல்லாத இடத்தில் கிருமிகள் எளிதில் பெருகுவதில்லை. வெட்டித் தட்டில் குவித்த கறியோ ஒன்றோடொன்று ஒட்டி, தன் சாற்றிலேயே ஊறிக்கொண்டிருக்கும். தட்டின் அடியில் சிவப்புத் தண்ணீர் தேங்கியிருந்தால் அந்தக் கறியை விட்டுவிடுங்கள்.

நேரத்தையும் சூட்டையும் ஒரு கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். காலை ஆறு மணிக்கு வெட்டிய கறியில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 100 கிருமிகள் இருப்பதாகவும், நம் ஊர் வெயிலில் அவை அரை மணிக்கு ஒருமுறை இரட்டிப்பதாகவும் வைத்துக்கொள்வோம். ஏழு மணிக்கு 400. எட்டு மணிக்கு 1,600. ஒன்பதுக்கு 6,400. பதினொரு மணிக்குப் பத்து முறை இரட்டித்து, ஒரு லட்சத்தைத் தாண்டிவிடும். இது காகிதக் கணக்குதான். உண்மையில் தொடக்கத்தில் கிருமிகள் புதிய இடத்துக்குப் பழக ஓரளவு நேரம் எடுத்துக்கொள்ளும். ஆனாலும் ஒரு விஷயம் தெளிவாகிறது. விடியலில் அறுத்து எட்டு மணிக்குள் விற்றுத் தீர்க்கும் பழைய வழக்கம் ஐஸ் இல்லாமலேயே பெரும்பாலும் தாக்குப்பிடித்தது, இந்த எண்ணிக்கை வேகமாக ஏறும் முன்பே வியாபாரம் முடிந்துவிட்டதால்தான். அதே கடை மதியம் ஒரு மணி வரை கறியை வெளியே வைத்து விற்கும்போது அந்தப் பாதுகாப்பு போய்விடுகிறது.

குளிர்ச்சி இந்தப் பெருக்கத்தை நிறுத்துவதில்லை, இழுத்துப் பிடிக்கிறது. 4 டிகிரி செல்சியஸில் சால்மொனெல்லா போன்ற நோய்க்கிருமிகளின் வளர்ச்சி ஏறத்தாழ நின்றுவிடும். குளிரை விரும்பும் சூடோமோனாஸ் போன்ற வேறு சில மெதுவாக வளர்ந்துகொண்டே இருக்கும். குளிர்பெட்டியில் பல நாள் கிடந்த கறி நாறுவதும் பிசுபிசுப்பதும் இவற்றால்தான். இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. நாற்றம் வந்தால் கறி கெட்டுவிட்டது என்பது உறுதி. நாற்றம் இல்லை என்பதால் நோய்க்கிருமி இல்லை என்று ஆகிவிடாது. சால்மொனெல்லா எந்த வாடையும் காட்டாது.

கண்ணாடிக் குளிர்பெட்டி இருக்கிறது என்பதாலேயே கறி குளிர்ந்திருக்கிறது என்று நம்பிவிட வேண்டாம். அந்தப் பெட்டி ஏற்கெனவே குளிர்ந்த பொருளைக் குளிராகவே வைத்திருக்கச் செய்யப்பட்டது. அறுத்த ஆட்டின் உடற்சூடு 39 டிகிரி அளவில் இருக்கும். அந்தச் சூடு தணியாத ஐந்து கிலோ கறியைக் குவியலாக உள்ளே வைத்தால், குவியலின் நடுவில் சூடு இறங்கப் பல மணி நேரம் ஆகும். அதுவரை வாங்குபவரின் கண்ணுக்கு அது 'ஃபிரிட்ஜில் இருக்கும் கறி'. பெட்டியில் ஒளிரும் எண்ணும் காற்றின் வெப்பநிலையைத்தான் சொல்கிறது, கறியினுடையதை அல்ல. நான் பார்ப்பது குவியலின் உயரத்தை. பெட்டிக்குள் குளிர்காற்று போய்வரும் எல்லைக்கோடு ஒன்று உண்டு; பல பெட்டிகளில் அதைக் கோடாகவே வரைந்திருப்பார்கள். அதற்கு மேலே ஏறிய கறி குளிரில் இல்லை. தட்டுகளுக்கு இடையே இடைவெளி இருக்கிறதா, கதவு திறந்தே கிடக்கிறதா என்பதையும் பார்க்கலாம். வாங்கிய பையைக் கையில் பிடித்தவுடன் உள்ளங்கை சில்லென்று ஆக வேண்டும். சும்மா இதமாக இருந்தால், கறி அந்தப் பெட்டியில் குளிரவே இல்லை.

பெட்டியின் விளக்கையும் ஒருமுறை பாருங்கள். தசையில் உள்ள மயோகுளோபின் என்ற நிறமி காற்றுப் பட்டதும் பளிச்சென்று சிவக்கும், நாளாக ஆகப் பழுப்பாகும். இளஞ்சிவப்பு விளக்கின் கீழே பழுப்பும் சிவப்பாகத் தெரியும். வெயில் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து பார்த்தால் போதும்.

கறிக்குளிர் பற்றி இன்னொரு புகாரும் உண்டு. 'ஐஸில் வைத்த கறி ரப்பர்போல் இருக்கிறது' என்பார்கள். அது உண்மைதான், ஆனால் குற்றம் குளிரில் இல்லை, அவசரத்தில் இருக்கிறது. அறுத்த பிறகும் சில மணி நேரம் தசை தன்னிடம் இருக்கும் சர்க்கரையைச் செலவழித்து அமிலமாக மாறிக்கொண்டு, பிறகு விறைக்கிறது. அது முடியும் முன்பே பத்து டிகிரிக்குக் கீழே கொண்டுபோனால் தசைநார்கள் பலமாகச் சுருங்கி அப்படியே இறுகிவிடுகின்றன. ஆடு சிறிய உடல் என்பதால் சீக்கிரம் குளிர்ந்து இதில் எளிதாக மாட்டிக்கொள்ளும். தெரிந்த கடைக்காரர்கள் முழு உடலை மிதமான குளிரில் முதலில் தொங்கவிட்டு, விறைப்பு வந்த பிறகே நல்ல குளிருக்கு மாற்றுகிறார்கள்.

இனி கட்டைக்கு வருவோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் பகுதிக் கடை ஒன்றில் வரிசையில் நின்றபடி ஒரே கத்தியைக் கண்ணால் பின்தொடர்ந்தேன். முதலில் முழுக்கோழி. அடுத்தவருக்கு ஆட்டு ஈரல். நடுவில் ஈரத்துணியால் ஒரு துடைப்பு. பிறகு என் கறி. கோழியின் குடலில் சால்மொனெல்லாவும் கேம்பைலோபேக்டரும் இருப்பது சாதாரணம். ஒரே தொட்டியின் வெந்நீரில் முக்கி, ஒரே உருளையில் இறகு பிடுங்கும்போது, ஒரு கோழியில் இருந்தது அடுத்தடுத்த கோழிகளின் தோலுக்கும் வந்துவிடும். அந்தத் தோலை வெட்டிய கத்தி ஈரலுக்கும், ஈரலிலிருந்து என் கறிக்கும் வந்தது. துணி கத்தியைச் சுத்தம் செய்யவில்லை. காலையிலிருந்து துடைத்ததையெல்லாம் சேர்த்துவைத்துத் திரும்பப் பூசியது. அறுவைக்கூடங்களில் கத்தியை 82 டிகிரி வெந்நீரில் முக்கி எடுப்பது வழக்கம். தெருக்கடையில் அந்த வசதி இல்லை. அதனால்தான் கோழிக்கு ஒரு கட்டையும் கத்தியும், ஆட்டுக்கறிக்கு ஒன்று, குடலுக்கு ஒன்று என்று பிரிப்பது அவசியமாகிறது.

'எப்படியும் வேகவைக்கத்தானே போகிறோம்?' என்று கேட்கலாம். நன்கு கொதித்த குழம்பில் இந்தக் கிருமிகள் பிழைப்பதில்லை என்பது சரி. ஆனால் கறி நேராகக் குக்கருக்குப் போவதில்லை. பையின் வெளிப்புறம், சமையலறைத் தொட்டி, கழுவும்போது தெறிக்கும் நீர், அருகில் நறுக்கி வைத்த வெங்காயம் என்று வழி நெடுக அது தொட்டுக்கொண்டே போகிறது. பச்சடிக்கு வைத்த வெங்காயம் வேகப்போவதில்லையே.

கட்டை மரமா, பிளாஸ்டிக்கா என்ற சந்தேகம் பலருக்கு உண்டு. 1990களில் அமெரிக்காவில் டீன் கிளைவர் என்ற நுண்ணுயிரியலாளரும் அவருடைய குழுவினரும் சமையலறைப் பலகைகளில் கிருமிகளைத் தடவிச் சோதித்தார்கள். மரம் அவற்றைத் தன் நார்களுக்குள் உறிஞ்சிக்கொண்டது. உள்ளே போனவை பெருகாமல் மெல்ல மடிந்தன. கத்திக்கீறல் விழுந்த பிளாஸ்டிக்கைக் கழுவிச் சுத்தமாக்குவதுதான் கடினமாக இருந்தது. நம் ஊர்ப் புளியங்கட்டைக்கு இது ஆறுதலான செய்தி. சிராய் எளிதில் பெயராத கெட்டியான மரம் அது. ஆனால் கட்டை உலர நேரம் கிடைத்தால்தான் இந்தக் குணம் வேலை செய்யும். காலை முழுக்கச் சாறும் கொழுப்பும் ஊறி, காயவே வழியில்லாத கட்டையில் அதை எதிர்பார்க்க முடியாது.

ஆகவே கட்டையின் நடுவைப் பாருங்கள். வருடக்கணக்கில் வெட்டுப்பட்டுக் குழி விழுந்து, அதில் சாறு தேங்கியிருந்தால் அந்தக் கட்டையைச் செதுக்கிச் சமப்படுத்தி வெகு நாளாகிவிட்டது. விரிசல் ஓடியிருந்தால் அதற்குள் போனதை எந்தத் தூரிகையும் எடுக்காது. அக்கறையுள்ள கடைக்காரர் இடையிடையே தகட்டால் மேற்பரப்பைச் சுரண்டி வழித்துத் தள்ளுவார். இரவில் உப்புப் போட்டுத் தேய்த்துக் காயவிடுவார். நான் வழக்கமாக வாங்கும் கடையில் காலை முதல் வாடிக்கையாளராகப் போனால் கட்டை வெளிறி, தொட்டால் உலர்ந்து, உப்பு லேசாக நெருடும்.

கோழிக்கடையில் கட்டைக்குப் பக்கத்தில் இருக்கும் வாளியையும் விடாதீர்கள். வெட்டிய துண்டுகளை அதில் ஒரு முக்கு முக்கிப் பையில் போடுவார்கள். பார்க்கச் சுத்தமாகத் தெரியும். முப்பது கோழிகள் முங்கிய அந்தத் தண்ணீரில் முப்பத்தோராவது கோழி கழுவப்படுவதில்லை, மற்ற முப்பதையும் பூசிக்கொள்கிறது. 'அண்ணே, வாளியில் முக்க வேண்டாம், அப்படியே போடுங்கள்' என்று சொன்னால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

நகராட்சி அறுவைக்கூடத்தில் கால்நடை மருத்துவர் பார்த்த ஆடு என்றால் தொடையில் முத்திரை இருக்கும், கேட்டால் காட்டுவார்கள். சுவரில் உணவுப் பாதுகாப்பு உரிமத்தின் 14 இலக்க எண் இருக்க வேண்டும். இவை ஆட்டின் நலத்தையும் கடையின் பதிவையும் சொல்லும். இன்று காலை கத்தி எங்கே போய்வந்தது என்பதைச் சொல்லா.

வாங்கிய பிறகும் அந்த இரட்டிப்புக் கணக்கு ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. காய்கறி, மளிகை எல்லாம் முடித்துக்கொண்டு கடைசியாகக் கறிக்கடைக்குப் போங்கள். வண்டிக் கைப்பிடியில் தொங்கவிட்டு வெயிலில் வராமல், ஒரு பாத்திரத்தில் போட்டு மூடிக் கொண்டுவாருங்கள். வீட்டில் உடனே சமைக்கவில்லையென்றால் அகலமான தட்டில் பரப்பி, ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வையுங்கள். சாறு சொட்டினாலும் கீரையின் மேல் சொட்டாது.