கேம் ஸ்மூத், ஸ்ட்ரீம் மட்டும் திக்குகிறது: விண்டோஸின் இரண்டு ஸ்விட்சுகள் பற்றி

கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து கொடுப்பதும் பழுது பார்ப்பதும்தான் என் தொழில். சில மாதங்களுக்கு முன் ஒரு கல்லூரிப் பையன் தன் சிபியுவைத் தூக்கிக்கொண்டு வந்தான். "அண்ணா, எனக்கு கேம் 140 எஃப்பிஎஸ்ல ஓடுது. பாக்கறவங்களுக்கு மட்டும் விட்டு விட்டுத் தெரியுதாம். நெட் பிளானைக்கூட மாத்திட்டேன், சரியாகல" என்றான்.

4 ஜிபி கிராபிக்ஸ் கார்டு, ஆறு கோர் பிராசசர், விண்டோஸ் 11. ஸ்ட்ரீமிங்குக்கு ஓபிஎஸ். ஏதோ வீடியோவைப் பார்த்து கேம் மோடை அணைத்துவிட்டு, `Hardware-accelerated GPU scheduling` என்பதை ஆன் செய்து வைத்திருந்தான். இந்த இரண்டு ஸ்விட்சுகளையும் ஒரே ஜோடியாக நினைத்துப் போடுவதும் அணைப்பதும் நான் அடிக்கடி பார்ப்பது. உண்மையில் இரண்டும் வெவ்வேறு வேலை செய்பவை.

கேம் மோடு 2017-இல் விண்டோஸ் 10-இன் ஓர் அப்டேட்டில் வந்தது. விளையாடும்போது அப்டேட் வழியாக டிரைவர் இன்ஸ்டால் ஆவதையும், ரீஸ்டார்ட் கேட்கும் அறிவிப்பையும் அது தள்ளிப்போடும். பின்னணி வேலைகளைவிட கேமுக்கு முன்னுரிமை கொடுக்கப் பார்க்கும். ஆரம்ப வருடங்களில் இந்த முன்னுரிமை எல்லை மீறி, ஓபிஎஸ் போன்றவற்றைப் பட்டினி போட்டது. அணைத்து வையுங்கள் என்ற அறிவுரை பிறந்தது அப்போதுதான். விண்டோஸ் 10-இன் 1809 பதிப்புக்குப் பிறகு அந்த நிலைமை மாறிவிட்டது. அறிவுரை மட்டும் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஆகவே அந்தப் பையனின் கம்ப்யூட்டரில் முதலில் கேம் மோடைத் திரும்ப ஆன் செய்தேன். ஸ்ட்ரீமில் பெரிய வித்தியாசம் எதுவும் இல்லை, நானும் எதிர்பார்க்கவில்லை.

இரண்டாவது ஸ்விட்ச் கொஞ்சம் ஆழமானது. கேம், பிரவுசர், ஓபிஎஸ், டெஸ்க்டாப் என்று எல்லாமே கிராபிக்ஸ் கார்டிடம் வேலை கேட்கின்றன. யாருடைய வேலை முதலில், யாருடையது அடுத்து என்று வரிசைப்படுத்த ஓர் ஆள் வேண்டும். விஸ்டா காலத்திலிருந்து அந்த வேலையை பிராசசரில் ஓடும் விண்டோஸின் ஒரு த்ரெட் செய்துவந்தது. 2020 மே மாத அப்டேட்டில் வந்த இந்த வசதி, வரிசையை நடத்தும் அன்றாட வேலையை கிராபிக்ஸ் கார்டுக்குள்ளேயே இருக்கும் ஒரு சின்ன பிராசசரிடம் ஒப்படைக்கிறது. எந்த ஆப்புக்கு எவ்வளவு முன்னுரிமை என்று தீர்மானிப்பது இன்னும் விண்டோஸ்தான். இதனால் பிராசசருக்குக் கொஞ்சம் சுமை குறையும், அவ்வளவுதான். கார்டின் வேகம் கூடாது. அறிமுகப்படுத்தியபோது மைக்ரோசாஃப்ட்டே, பெரிய மாற்றம் எதுவும் கண்ணுக்குத் தெரியாது என்றுதான் சொன்னது.

சரி, பையனின் ஸ்ட்ரீம் ஏன் திக்கியது? ஓபிஎஸ்ஸில் `Stats` என்று ஒரு சின்ன ஜன்னல் உண்டு. ஸ்ட்ரீம் செய்யும் ஒவ்வொருவரும் அதைத் திறந்து வைத்திருக்க வேண்டும். அதில் மூன்று கணக்குகள் தனித்தனியாக வரும். நெட்டில் விழுந்த ஃபிரேம்கள் ஒன்று. என்கோடர் திணறி விட்ட ஃபிரேம்கள் இன்னொன்று. `rendering lag` என்ற பெயரில் வருவது மூன்றாவது. பத்து நிமிடம் அவனையே விளையாடச் சொன்னேன். நெட்டில் விழுந்தது பூஜ்யம். என்கோடரிலும் ஒன்றுமில்லை. மூன்றாவதில் மட்டும், போன 36,000 ஃபிரேம்களில் இரண்டாயிரத்துக்கும் மேல், கிட்டத்தட்ட 6 சதவீதம். பாவம், நெட் பிளானுக்குக் கொடுத்த காசு வீண்.

இந்த மூன்றாவது கணக்கு என்ன சொல்கிறது என்றால், கேம் படம், கேமரா, எழுத்து எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து ஒரு ஃபிரேம் ஆக்கவே ஓபிஎஸ்ஸுக்கு கார்டில் நேரம் கிடைக்கவில்லை. 60 ஃபிரேம் ஸ்ட்ரீம் என்றால் ஒவ்வொன்றுக்கும் சுமார் 16.7 மில்லிசெகண்ட்தான். அதற்குள் முடியாவிட்டால் அந்த ஃபிரேம் போச்சு. டாஸ்க் மேனேஜரில் பார்த்தால் கார்டு 99 சதவீதத்தில் முட்டிக்கொண்டு நின்றது. கேமில் எஃப்பிஎஸ் வரம்பு எதுவும் வைக்கவில்லை. கிடைத்த நேரத்தையெல்லாம் கேமே தின்றுகொண்டிருந்தது. இப்படி நிரம்பி வழியும் நிலையில் வரிசையை கார்டு நடத்தும்போது ஓபிஎஸ் பின்தங்கிப் போவது உண்டு. ஸ்ட்ரீம் செய்பவர்கள் இதை அணைத்துவிடும்படி நெடுநாளாகச் சொல்லிவந்ததற்குக் காரணம் அதுதான்.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் என்று வைத்துக்கொண்டேன். ஷெட்யூலிங்கை மட்டும் அணைத்து, ரீஸ்டார்ட் செய்து (ரீஸ்டார்ட் செய்யாமல் இது அமலுக்கு வராது), அதே மேப்பில் இன்னொரு பத்து நிமிடம். 6 சதவீதம் 2-க்குப் பக்கத்தில் வந்தது. அடுத்து கேமின் எஃப்பிஎஸ்ஸை 120 என்று கட்டினேன். கார்டு 80 சதவீதத்துக்கு இறங்கியது, விட்டுப்போன ஃபிரேம்கள் கிட்டத்தட்ட இல்லை. அப்புறம் எனக்கே ஒரு சந்தேகம். வரம்பை அப்படியே விட்டுவிட்டு ஷெட்யூலிங்கைத் திரும்ப ஆன் செய்து பார்த்தேன். அரை சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. ஆக, ஸ்விட்ச் நோயைக் கூட்டியது உண்மை. நோயே கார்டை 99-இல் ஓட்டியதுதான். ஸ்விட்சை அணைத்ததோடு நிறுத்தியிருந்தால் அடுத்த கனமான கேமில் பையன் மறுபடி வந்திருப்பான்.

இருந்தாலும் அவனுக்கு அணைத்தே கொடுத்தேன். காரணம் கார்டின் 4 ஜிபி மெமரி. ஷெட்யூலிங் ஆனில் இருக்கும்போது வீடியோ மெமரி கொஞ்சம் கூடுதலாகப் போகும். அவன் கம்ப்யூட்டரில் டாஸ்க் மேனேஜரின் `Dedicated GPU memory` சில நூறு எம்பி அதிகம் காட்டியது. 12 ஜிபி கார்டில் இது கவலைப்படும் அளவே அல்ல. 4 ஜிபியில் கேமும் ஓபிஎஸ்ஸும் சேர்ந்து விளிம்பில் நிற்கும்போது, இடமில்லாத டெக்ஸ்சர்கள் சாதாரண ரேமுக்குத் தள்ளப்படும். அங்கிருந்து எடுத்து வருவது மெதுவான வழி. சராசரி எஃப்பிஎஸ் அப்படியே இருக்கும். ஒரு மூலை திரும்பியதும் மட்டும் படக்கென்று நிற்கும். அதனால்தான் சராசரியைப் பார்த்து எதையும் முடிவு செய்ய வேண்டாம் என்கிறேன். கேப்ஃபிரேம்எக்ஸ் போன்ற இலவசக் கருவியில், மிக மெதுவான ஒரு சதவீத ஃபிரேம்களின் வேகத்தைச் சொல்லும் `1% low` எண்ணைப் பாருங்கள். நிற்பதும் தட்டுவதும் அதில்தான் தெரியும்.

ஆன் செய்தே ஆக வேண்டிய இடமும் உண்டு. ஆர்டிஎக்ஸ் 40 வரிசைக் கார்டுகளோடு 2022-இல் வந்த, இடையிடையே புது ஃபிரேம்களை உருவாக்கிச் செருகும் ஃபிரேம் ஜெனரேஷன் வசதி, ஷெட்யூலிங் ஆனில் இல்லாமல் வேலை செய்யாது. கேம் மெனுவில் அந்த ஆப்ஷன் மங்கலாகக் கிடக்கிறது என்று கார்டையே மாற்றித் தரச் சொல்லிக் கடைக்கு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். தேவைப்பட்டது இந்த ஸ்விட்சும் ஒரு ரீஸ்டார்ட்டும் மட்டுமே. கேம் மோடுக்கும் அப்படி ஓர் இடம் இருக்கிறது. 7950எக்ஸ்3டி போன்ற ரைசன் பிராசசர்களில் கூடுதல் கேஷ் ஒரு பாதி கோர்களில்தான் உண்டு. கேமை அந்தப் பாதியில் ஓட்ட, கேம் ஓடுகிறது என்று டிரைவருக்குத் தெரிய வேண்டும். அதற்கு விண்டோஸின் கேம் பாரையும் கேம் மோடையும்தான் அது நம்பியிருக்கிறது. பழைய அறிவுரைப்படி இரண்டையும் அணைத்தால், விலை கொடுத்து வாங்கிய கேஷ் சும்மா கிடக்கும்.

உங்கள் கம்ப்யூட்டரில் ஷெட்யூலிங் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்க, கமாண்ட் பிராம்ப்டில் இதைக் கொடுங்கள்:

```
reg query HKLM\SYSTEM\CurrentControlSet\Control\GraphicsDrivers /v HwSchMode
```

`0x2` என்று வந்தால் ஆன், `0x1` என்றால் ஆஃப். மாற்றுவதற்கு ரெஜிஸ்ட்ரியைத் தொட வேண்டாம். விண்டோஸ் 11-இல் `Settings > System > Display > Graphics` பகுதிக்குள்ளேயே ஸ்விட்ச் இருக்கிறது. அங்கே ஸ்விட்சே தென்படவில்லை என்றால், கார்டோ டிரைவரோ இதை ஆதரிக்கவில்லை என்று அர்த்தம். டிரைவரைப் புதுப்பித்துவிட்டு ஒருமுறை பாருங்கள்.