கேள்வி மட்டும் கேட்குது, பதில் வரலீங்க

காங்கயம் பக்கத்திலிருந்து வந்த ஒரு விவசாயி. வயது நாற்பதுக்கு மேல். சின்ன வயதில் பொன்னுக்கு வீங்கி வந்து வலது காது முழுதாகப் போய்விட்டது. இடது காது நன்றாகக் கேட்கும். ஆனால் அவர் வந்தது போன காதுக்காக அல்ல. "ஏனுங் மேடம், கொறங்காட்டைப் பத்தி ஒரு பேட்டி பாக்கறனுங். கேள்வி கேக்கறவரு பேசறது நல்லா கேக்குது. அந்தப் பெரியவர் பதில் சொல்றது மட்டும் வரவே மாட்டேங்குது. இருக்கற காதும் போயிருச்சுங்களா?" என்றார்.

அவருடைய போனை வாங்கி அதே வீடியோவை ஓடவிட்டேன். R என்று எழுதிய இயர்போனை எடுத்து அவருடைய இடது காதில் வைத்ததும் முகம் மாறியது. இப்போது பதில் கேட்டது, கேள்வி காணாமல் போனது. காதில் குறை இல்லை. சட்டையில் குத்தும் இரண்டு மைக்கில் பதிவு செய்யும்போது, சிலர் ஒரு மைக்கை இடது தடத்திலும் மற்றதை வலது தடத்திலும் அப்படியே விட்டுவிடுகிறார்கள். இரண்டு காதும் கேட்பவர்களுக்கு இது பெரிதாகத் தெரியாது. இவருக்குப் பாதிப் பேச்சு, கேட்காத காதுக்குள் போய்க்கொண்டிருந்தது.

இதற்கு அவர் ஏற்கெனவே ஒரு வைத்தியம் செய்திருந்தார். போன் கடையில் சொன்னபடி, இடது வலது என்றிருக்கும் பேலன்ஸ் கோட்டை இடது கோடிக்கு இழுத்துப் பார்த்துவிட்டு, நடுவுக்கே திருப்பிவிட்டிருந்தார். அதில் பயனில்லை, ஏனென்றால் பேலன்ஸ் ஒரு பக்கத்து ஒலியைக் குறைக்குமே தவிர, அங்கிருப்பதை இந்தப் பக்கம் கொண்டுவராது. சத்தத்தையும் கூட்டிக்கூட்டிப் பார்த்திருக்கிறார். வராத குரல் எவ்வளவு கூட்டினாலும் வராது; கேள்வி கேட்பவர் குரல்தான் மிச்சமிருக்கும் ஒரே காதில் போய் அறையும். எனக்கு அதுதான் பயம்.

அவருக்குத் தேவைப்பட்டது மோனோ. அதை இயக்கினால் போன் இரண்டு தடத்தையும் கலந்து, ஒரே ஒலியாக இரண்டு பக்கமும் அனுப்பும். சாம்சங்கில் Settings, அதில் Accessibility, அதற்குள் Hearing enhancements போனால் Mono audio இருக்கும். ஐபோனில் Accessibility-க்குள் Audio & Visual. மற்ற போன்களில் இடம் மாறும்; செட்டிங்ஸ் தேடல் பெட்டியில் mono என்று அடித்துவிடுவது சுலபம். பேலன்ஸை நடுவிலேயே விட்டுவிட்டேன். ஒரு காது அறவே கேட்காதவருக்கு மோனோ இருந்தால் அது தேவைப்படாது. பாட்டில் இசைக்கருவிகள் இரு பக்கமும் பிரிந்து வரும் சுகம் மோனோவில் போய்விடும், ஆனால் அவருக்கு அந்தச் சுகம் முன்பும் இருந்ததில்லை.

பேலன்ஸ் யாருக்கு என்றால், இரண்டு காதும் கேட்டு, ஒன்று கொஞ்சம் மந்தமாக இருப்பவருக்கு. நல்ல காதின் பக்கத்தை லேசாகக் குறைத்தால் இரண்டும் சமமாகத் தோன்றும்.

இதில் ஓர் ஆபத்தும் உண்டு. திடீரென ஒரு பக்கம் குறைவாகக் கேட்டால், கோட்டை நகர்த்திச் சரிக்கட்டாதீர்கள். முதலில் இயர்போனைக் காது மாற்றிப் போடுங்கள். குறை மற்றக் காதுக்கு மாறினால் கோளாறு இயர்போனிலோ போனிலோ இருக்கிறது: வலையில் அழுக்கு அடைத்திருக்கலாம், கைபட்டுக் கோடு நகர்ந்திருக்கலாம். குறை அதே காதில் நின்றால் கோளாறு காதில். வெறும் அழுக்காகவும் இருக்கலாம். ஆனால் ஓரிரு நாளில் நரம்புவழிச் செவித்திறன் இறங்குவது அவசரம். ஸ்டீராய்டு சிகிச்சை முதல் இரண்டு வாரத்துக்குள் தொடங்கினால்தான் மீளும் வாய்ப்பு அதிகம். அன்றைக்கே காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள்.

சோமனூர், பள்ளிபாளையம் பக்கம் விசைத்தறியில் ஆண்டுக்கணக்காக நின்றவர்களின் கதை வேறு. அவர்களுக்கு இரண்டு காதிலும் மேல்ஸ்தாயி ஒலிகள் போயிருக்கும். "பேசறது கேக்குது, என்னன்னு புரியலீங்" என்பார்கள். மோனோவும் பேலன்ஸும் இங்கே உதவாது. எழுத்து உதவும்.

அதிலும் இரண்டை ஒன்றாக நினைத்துக் குழம்புகிறார்கள். Live Caption போனுக்குள் ஓடும் வீடியோவின் பேச்சை எழுத்தாகக் காட்டும். ஆங்கிலம் முதலான சில மொழிகளுக்குத்தான் நம்பலாம், நான் பார்க்கும் போன்களில் தமிழ் கிடைப்பதில்லை. எதிரே இருப்பவர் பேசுவதை மைக் வழியாகக் கேட்டு எழுதுவது Live Transcribe. ஆண்ட்ராய்டுக்குக் கூகுள் தரும் இந்தச் செயலியில் மொழியைத் தமிழுக்கு மாற்றிக்கொள்ளலாம். தமிழுக்கு இணையத் தொடர்போடு பயன்படுத்துங்கள்.

போனைப் பேசுபவரின் வாய்ப்பக்கம், ஒரு முழத்துக்குள் வையுங்கள். தறி ஓடும் இடத்தில் குப்பைதான் வரும். நம் ஊர்ப் பேச்சிலும் அது தடுமாறும். "வந்துபோட்டனுங்", "அக்கட்டால போங்" எல்லாம் வேறு ஏதோ சொல்லாக வந்து நிற்கும். கொஞ்சம் நிறுத்தி, புத்தகத் தமிழை ஒட்டிப் பேசினால் தேறும். மாத்திரை அளவு, பணத் தொகை இரண்டை மட்டும் திரையை நம்பாமல் தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். "அரை" என்று சொன்னது "ஆறு" என்று விழுந்தாலும் வாக்கியம் பார்க்கச் சரியாகத்தான் இருக்கும்.