ஏசி அறையில் சுற்றும் சளிக் காற்று

"ஏசிதான் ஓடுகிறதே சார், காற்று மாறிக்கொண்டுதானே இருக்கும்?" ஏசி பராமரிப்புக்குப் போகுமிடமெல்லாம் என்னிடம் இந்தக் கேள்வியைக் கேட்கிறார்கள். மாறாது. நாம் வழக்கமாகச் சுவரில் மாட்டும் ஸ்பிளிட் ஏசி, அறைக்குள் இருக்கும் காற்றையே இழுத்துக் குளிர்வித்துத் திருப்பி விடுகிறது. ஒருவர் தும்மினால், அதில் வரும் நுண்துளிகள் அறையைவிட்டு வெளியேற வழியே இல்லை.

கோவையில் ஒரு டியூஷன் மையம். 20 அடிக்கு 15 அடி அறை, 10 அடி உயரம், 24 பிள்ளைகள். ஒருவருக்குச் சளி வந்தால் ஒரே வாரத்தில் பாதி வகுப்பு காலியாகிவிடுகிறது என்று ஆசிரியை வருந்தினார். கரியமில வாயு மானியை மேசைமேல் வைத்தேன். வெளிக்காற்றில் இது சுமார் 420 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் 420 பங்கு இருக்கும். வகுப்பு தொடங்கி 40 நிமிடத்தில் மானி 2,300 காட்டியது. அந்த வாயு நோய் தருவதில்லை. ஆனால் பிள்ளைகள் விட்ட மூச்சு எவ்வளவு தேங்கியிருக்கிறது என்பதை அது காட்டிக்கொடுக்கிறது. 800ஐ ஒட்டி இருந்தால் நல்லது.

அங்கே எக்ஸாஸ்ட் ஃபேன் இருந்தும் பயனில்லை. அதற்கு நேர் கீழே இருந்த ஜன்னலைத்தான் திறந்து வைத்திருந்தார்கள். உள்ளே நுழைந்த காற்று அப்படியே மேலேறி வெளியே போய்விட்டது. பிள்ளைகள் பக்கம் வரவேயில்லை. அந்த ஜன்னலைச் சாத்தி, எதிர்ச் சுவர் ஜன்னலை நான்கு விரற்கடை திறந்தோம். அரை மணியில் 1,100க்கு இறங்கியது. ஏசியை 26 டிகிரியில் வைத்து, சீலிங் ஃபேனையும் போடச் சொன்னேன். மின்கட்டணம் சற்றுக் கூடத்தான் செய்யும்.

மூலையில், பீரோவுக்குப் பின்னால், ஒரு காற்றுச் சுத்திகரிப்பான் இருந்தது. அதிலுள்ள ஹெப்பா வடிகட்டி நுண்துளிகளை நன்றாகவே பிடிக்கும். ஆனால் காற்று அதன் வழியாகப் போனால்தானே? அட்டைப் பெட்டியில் சிஏடிஆர் என்று போட்டிருப்பதைப் பாருங்கள். மணிக்கு எத்தனை கன மீட்டர் சுத்தக் காற்று தரும் என்பது அது. இந்த அறையின் கொள்ளளவு 85 கன மீட்டர். மணிக்கு 5 முறையாவது சுத்தக் காற்று மாற வேண்டும் என்று அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் 2023இல் பரிந்துரைத்தது. அப்படியானால் 425 தேவை. அந்தக் கருவியோ முழு வேகத்தில் 250. சத்தம் தாங்காமல் அவர்கள் வைத்திருந்த குறைந்த வேகத்தில் 100கூட இல்லை. அதை நடுவே கொண்டுவந்து, நடு வேகத்தில் வைத்தோம். மீதியை ஜன்னல் பார்த்துக்கொள்ளும். வெளிக்காற்றும் வடிகட்டிய காற்றும் சேர்ந்தே கணக்கு.

ஒன்றை மறக்க வேண்டாம்: சுத்திகரிப்பான் கரியமில வாயுவைக் குறைக்காது. எனவே மானியை வைத்து அதன் வேலையை அளக்க முடியாது. வடிகட்டியைத்தான் அவ்வப்போது கழற்றிப் பார்க்க வேண்டும். ஓசோன் வெளியிடும் கருவிகளை வாங்கவே வேண்டாம். அது நுரையீரலுக்குக் கெடுதல்.

அருகருகே உட்கார்ந்து முகத்துக்கு நேரே இருமினாலோ, மூக்கைத் தொட்ட கையால் பேனாவைக் கொடுத்து வாங்கினாலோ சளி பரவத்தான் செய்யும். அதை இந்தக் காற்றோட்டம் தடுக்காது. சளி பிடித்த பிள்ளையை ஜன்னலோரம் அமர்த்துவதாகச் சொன்னார் ஆசிரியை. எக்ஸாஸ்ட் ஃபேன் பக்கம் அமர்த்துங்கள் அம்மா, ஜன்னலோரம் என்றால் அந்த மூச்சு வகுப்பு முழுவதையும் கடந்துதான் வெளியேறும் என்றேன்.