ஒரே கேபிள், இரண்டு மானிட்டர்: 144 ஹெர்ட்ஸ் எங்கே போனது?

மேசையில் 27 அங்குல 4கே மானிட்டர் ஒன்று, 60 ஹெர்ட்ஸ். பக்கத்தில் 24 அங்குல ஃபுல் எச்டி மானிட்டர், 144 ஹெர்ட்ஸ். இரண்டும் டாக் என்ற இணைப்புப் பெட்டியில் செருகியிருக்கின்றன. டாக்கிலிருந்து லேப்டாப்புக்கு ஒரே ஒரு யூஎஸ்பி-சி கேபிள். இரண்டிலும் படம் வருகிறது. ஆனால் விண்டோஸின் Advanced display பக்கத்தில் சின்ன மானிட்டருக்கு 144 காட்டுவதில்லை. காட்டினாலும், அதைத் தேர்ந்ததும் பெரிய திரை இருண்டுவிடுகிறது.

பழுது எதுவும் இல்லை, கேபிளில் இடம் போதவில்லை. 4கே திரையில் சுமார் 83 லட்சம் பிக்சல். ஒவ்வொன்றுக்கும் 24 பிட், நொடிக்கு 60 முறை. வரிகளுக்கு இடையே விடும் இடைவெளியையும் சேர்த்தால் நொடிக்கு 13 ஜிகாபிட்டை நெருங்குகிறது. ஃபுல் எச்டி 144 ஹெர்ட்ஸுக்கு ஏறத்தாழ 8. ஆக மொத்தம் 21.

யூஎஸ்பி-சி கேபிளில் வேகமான பாதைகள் நான்கு. படத்தை அனுப்பும் முறையான டிஸ்பிளேபோர்ட்டின் 1.2 பதிப்பு வரை தாங்கும் லேப்டாப்பில் நான்கையும் படத்துக்கே கொடுத்தாலும் 17.28 ஜிகாபிட்தான் போகும். சின்ன மானிட்டரை 60 ஹெர்ட்ஸுக்கு இறக்கினால் அதற்கு 3.3 போதும், இரண்டும் அடங்கிவிடும். ஆனால் பல டாக்குகள் யூஎஸ்பி 3 வேகத்துக்காக இரண்டு பாதைகளை எடுத்துக்கொள்கின்றன. மிச்சம் 8.64. அப்போது 4கே திரை 30 ஹெர்ட்ஸில் நின்றுவிடும்; மவுஸ் அம்பு விட்டு விட்டு நகர்வதிலேயே தெரிந்துவிடும்.

டிஸ்பிளேபோர்ட் 1.4 வேகத்தை லேப்டாப், டாக் இரண்டுமே தாங்கினால் நான்கு பாதைகளில் 25.92 கிடைக்கும். இல்லையென்றால் புது டாக் வாங்கும் முன் லேப்டாப்பின் பக்கவாட்டைப் பாருங்கள். எச்டிஎம்ஐ 2.0 போர்ட் இருந்தால் 144 ஹெர்ட்ஸ் மானிட்டரை நேரே அதில் செருகலாம். நான் முதலில் சொல்வது இதைத்தான்: டாக்கின் சுமை உடனே 8 ஜிகாபிட் குறைகிறது, செலவு ஒரு கேபிள்.

சரி, எழுத்தின் அளவு? ஸ்கேலிங்கை மாற்றுவதால் கேபிளின் சுமை கூடுவதில்லை. எழுத்தை எவ்வளவு பெரிதாக வரைவது என்பதை மட்டுமே அது தீர்மானிக்கிறது. 27 அங்குல 4கேயில் ஓர் அங்குலத்துக்கு 163 பிக்சல், 24 அங்குல ஃபுல் எச்டியில் 92. விகிதம் 1.77. அதனால் சின்னதில் 100%, பெரியதில் 175% வைத்தால் ஒரே எழுத்து இரண்டிலும் ஏறக்குறைய ஒரே அளவில் தெரியும். பழைய மென்பொருள்களின் ஜன்னலை ஒன்றிலிருந்து மற்றதற்கு இழுத்தால் மங்கும். அவை புது அளவில் திரும்ப வரைவதில்லை; வரைந்ததையே விண்டோஸ் இழுத்துப் பெரிதாக்குகிறது.

இன்னொரு தொல்லை: பெரிய திரையில் 2160 வரி, சின்னதில் 1080. மேசையில் உயர வித்தியாசம் நான்கு சென்டிமீட்டர்கூட இல்லை. விண்டோஸின் கணக்கிலோ ஒன்று மற்றதில் பாதி. அதனால் பெரிய திரையின் பாதி விளிம்பில் அம்பு சுவரில் மோதியதுபோல் நிற்கும். Display பக்கத்தில் சின்னப் பெட்டியை மேலும் கீழும் நகர்த்தி, நீங்கள் அதிகம் கடக்கும் இடத்துக்கு நேராக வையுங்கள். விண்டோஸ் 11 என்றால் Multiple displays பகுதியில் Ease cursor movement between displays என்பதை இயக்கிவிட்டால், அம்பு மோதும் இடத்திலும் மறுபக்கம் போய்விடும்.