ஜெராக்ஸின் இரண்டு கண்டுபிடிப்புகள்: உள்ளே நின்றதும் வெளியேறியதும்

தொழில்முனைவுப் பாடம் படிக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: பெரிய நிறுவனத்தின் ஊழியராக இருந்தபடியே புதிய தொழிலை உருவாக்கும் உள்தொழில்முனைவோருக்கும், தனியே நிறுவனம் தொடங்குபவருக்கும் துணிச்சலைத் தவிர வேறென்ன வேறுபாடு? துணிச்சலைக் காட்டிலும், அனுமதி கிடைக்கும் வழியில்தான் பெரிய வேறுபாடு இருக்கிறது. ஜெராக்ஸ் நிறுவனம் 1970-இல் கலிபோர்னியாவில் தொடங்கிய பார்க் ஆய்வகத்தின் வரலாறு இதற்கு நல்ல சான்று. அங்கே உருவான இரண்டு அச்சுத் தொழில்நுட்பங்களில் ஒன்று நிறுவனத்துக்குள்ளேயே வளர்ந்தது, மற்றொன்று வெளியேறியவர்களின் கையில் வளர்ந்தது.

பள்ளியில் படித்த மின்சுற்றை நினைவுகூர்வோம். தொடரிணைப்பில் ஒரு விளக்கு பழுதானால் எல்லாம் அணைந்துவிடும். பக்க இணைப்பில் ஒரு பாதை திறந்திருந்தாலே மின்னோட்டம் பாயும். நிறுவனத்துக்குள் ஒரு யோசனை குழுத்தலைவர், துறைத்தலைவர், நிதிப்பிரிவு, விற்பனைப்பிரிவு, நிர்வாகக் குழு என வரிசையாக ஐந்து ஒப்புதல்களைப் பெற வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொருவரும் ஒப்புக்கொள்ள 80 விழுக்காடு வாய்ப்பு இருந்தாலும், ஐவரும் ஒப்புக்கொள்ளும் வாய்ப்பு 0.8-ஐ ஐந்து முறை பெருக்கினால் கிடைப்பது, அதாவது சுமார் 33 விழுக்காடுதான். யாரும் விரோதியாக இல்லாமலேயே மூன்றில் இரண்டு யோசனைகள் மடிந்துவிடுகின்றன. வெளியே இருப்பவரோ, தலா 10 விழுக்காடு வாய்ப்பே உள்ள 20 முதலீட்டாளர்களை அணுகுகிறார். அவருக்கு ஒரே ஒருவர் இசைந்தால் போதும். அந்த வாய்ப்பு ஏறக்குறைய 88 விழுக்காடு.

ஒருவர் முடிவு மற்றவரைப் பாதிக்காது என்று கொண்டு போட்ட கணக்கு இது. உண்மையில் முதலீட்டாளர்கள் ஒருவரையொருவர் பார்த்தே முடிவெடுப்பதால், 20 கதவுகள் நான்கைந்து கதவுகளாகச் சுருங்கிவிடுவதுண்டு. பணம் கிடைப்பது வேறு, தொழில் பிழைப்பது வேறு என்பதும் சொல்லாமலே விளங்கும். ஆயினும், ஆய்வு நிதி முழுவதையும் ஒரே குழுவின் வழியாக வழங்கும் ஏற்பாட்டை நான் ஏற்காததற்கு இந்தக் கணக்கே காரணம்.

இனி ஜெராக்ஸுக்கு வருவோம். கேரி ஸ்டார்க்வெதர் அந்நிறுவனத்தின் நியூயார்க் மாநில ஆய்வகத்தில் பணியாற்றியவர். நகல் இயந்திரத்தில், மூலத்தாளில் பட்டுத் திரும்பும் ஒளி, மின்னூட்டம் பெற்ற உருளையின் மேல் பிம்பத்தை உண்டாக்குகிறது. அந்த ஒளிக்குப் பதிலாக, கணினியின் கட்டளைப்படி தோன்றியும் மறைந்தும் துடிக்கும் லேசர் கதிரை, சுழலும் பலமுகக் கண்ணாடியால் உருளையின் குறுக்கே வரிவரியாக ஓட்டினால், மூலத்தாளே இல்லாமல் அச்சிடலாமே என்பது அவர் யோசனை. மேலதிகாரி அதை விரும்பவில்லை. ஸ்டார்க்வெதர் வேலையை விடாமல், 1971-இல் பார்க் ஆய்வகத்துக்கு மாற்றல் பெற்று அங்கே அதைச் செய்துமுடித்தார். தொடரிணைப்பாக இருந்த நிறுவனத்துக்குள் இரண்டாவது கதவு ஒன்று இருந்தது என்பதே இதன் பொருள். மேற்சொன்ன கணக்கில் அப்படி ஒரு மாற்றுப் பாதையைச் சேர்த்தாலே 33 விழுக்காடு 55-ஆக உயர்ந்துவிடும்.

1977-இல் வெளிவந்த ஜெராக்ஸ் 9700, நொடிக்கு இரண்டு பக்கம் அச்சிட்டது. நிறுவனத்துக்குப் பெரும் வருவாயையும் ஈட்டியது. உருளை, மைத்தூள், தாளை நகர்த்தும் பொறி, பழுதுபார்ப்போர், பெரிய அலுவலகங்களை நன்கறிந்த விற்பனையாளர்கள் என அதற்குத் தேவையான அநேகமாக அனைத்தும் ஜெராக்ஸிடம் ஏற்கெனவே இருந்தன. ஸ்டார்க்வெதர் தனியே போயிருந்தால் இவற்றை முதலிலிருந்து கட்டியிருக்க வேண்டும். உள்தொழில்முனைவின் உண்மையான மூலதனம் இதுதான். சம்பளப் பாதுகாப்பை இதற்கு அடுத்தபடியாகவே நான் வைப்பேன்.

அதே ஆய்வகத்தில் ஜான் வார்னாக்கும் சார்லஸ் கெஷ்கியும் இன்டர்பிரஸ் என்ற பக்க விவரிப்பு மொழியை உருவாக்கும் பணியில் இருந்தனர். எழுத்தும் படமும் பக்கத்தில் எங்கே எப்படி அமைய வேண்டும் என்பதைக் கணினி அச்சு இயந்திரத்துக்குச் சொல்லும் மொழி அது. இப்படிப்பட்ட மொழி எத்தனை நிறுவனங்களின் இயந்திரங்களுக்குப் புரிகிறதோ அத்தனைக்கு அதன் மதிப்பு கூடும். ஜெராக்ஸோ அதைத் தன் இயந்திரங்களுக்கென்றே வைத்துக்கொண்டு, பொறுமையாக வெளியிட விரும்பியது. போட்டியாளர் கையில் சேர்ந்தால்தான் வளரும் பொருளை விற்பனைப்பிரிவிடம் கொடுத்தால், அந்த ஒப்புதல் 80 விழுக்காட்டிலிருந்து சுழியத்தை நோக்கிச் சரியும். பெருக்கலில் ஒரு சுழியம் போதும்.

இருவரும் 1982-இல் விலகி அடோபி நிறுவனத்தைத் தொடங்கினர். அவர்களுடைய முதல் திட்டம் மொழியை மட்டும் விற்பதாக இருக்கவில்லை. ஆப்பிளின் ஸ்டீவ் ஜாப்ஸ் வந்து, மென்பொருளுக்கு மட்டும் உரிமம் தரும்படி கேட்டபின் திட்டம் மாறியது. போஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற பெயரில் அவர்கள் உருவாக்கிய மொழி, 1985-இல் ஆப்பிளின் லேசர்ரைட்டரில் இடம்பெற்றது. பின்னர் வேறு பல நிறுவனங்களின் இயந்திரங்களிலும் நுழைந்தது. இதில் ஈட்டியதில் நிறுவனர்களுக்குப் பங்கு இருந்தது. தோற்றிருந்தால் திரும்பிச் செல்லச் சம்பளம் இருந்திராது.

ஆகவே வாசகர் தம் யோசனையிடம் கேட்க வேண்டியவை இரண்டு: நிறுவனத்திடம் ஏற்கெனவே உள்ள எதெது இதற்குத் தேவை? இது வளர, நிறுவனம் விரும்பாத யாருக்கு விற்க வேண்டியிருக்கும்? முதல் கேள்விக்கான விடை நீண்டு, இரண்டாவதற்கு "யாருமில்லை" என்று வந்தால் உள்ளே இருப்பதே ஆதாயம். இரண்டு விடைகளும் நீண்டால் நிலைமை சிக்கல்தான்.

அந்தச் சிக்கலுக்கு ஜெராக்ஸே ஒரு வழி தேடியது. ஆய்வகத்தில் உருவாகி, வழக்கமான பிரிவுகளில் பொருந்தாத தொழில்நுட்பங்களைத் தனி நிறுவனங்களாக்க, 1989-இல் 3 கோடி டாலருடன் ஒரு துணிகர முதலீட்டுப் பிரிவை அமைத்தது. வெளியிலிருப்பவர்களைப் போலவே ஊழியர்களுக்கும் அந்நிறுவனங்களில் பங்கு கொடுத்தது. 1996-இல் அந்தப் பிரிவு மூடப்பட்டது.