காது அரிப்பும் கம்மலிலிருந்து கசியும் நிக்கலும்

304 ரக எவர்சில்வரில் நூற்றுக்கு எட்டுப் பங்குக்கு மேல் நிக்கல் இருக்கிறது. அதில் செய்த கரண்டியைக் கையில் பிடித்துத் தினமும் சாப்பிடுகிறோம், பெரும்பாலும் தோலுக்கு ஒன்றும் ஆவதில்லை. ஐம்பது ரூபாய்க் கவரிங் தோட்டில் நிக்கல் இருப்பது மைக்ரான் கணக்கில் ஒரு மெல்லிய பூச்சாக மட்டும்தான். ஆனாலும் அதைப் போட்டுக்கொண்டு இரண்டு மாதம் போனால் சிலருக்குக் காதுமடல் சிவந்து, அரித்து, நீர் கசிகிறது. உலோகத்துக்குள் எவ்வளவு நிக்கல் இருக்கிறது என்பது தோலுக்குப் பொருட்டே இல்லை. அதிலிருந்து எவ்வளவு வெளியே வருகிறது என்பதுதான் கணக்கு. கம்மல் வாங்கும்போது இந்த ஒன்றை மனதில் வைத்தால் போதும், மற்றதெல்லாம் தானாக விளங்கும்.

கவரிங் தோட்டை எடுத்துக்கொள்வோம். உள்ளே பித்தளை, வெளியே கண்ணுக்குத் தெரிகிற தங்க முலாம். பல தோடுகளில் இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு நிக்கல் அடுக்கு உண்டு. பித்தளையின் செம்பும் துத்தநாகமும் மேலே ஏறி முலாமைக் கறுக்கச் செய்யாமல் அது தடுக்கிறது, பளபளப்பும் தருகிறது. முலாம் போடுகிறவருக்கு இது நல்ல, மலிவான வழி. ஆனால் மேலே இருக்கிற தங்கம் மிக மெல்லியது, அதில் நுண்ணிய துளைகள் இருக்கும். தண்டும் திருகாணியும் உரசும் இடத்தில் அது சீக்கிரம் தேய்ந்தும் போகும். அப்புறம் வியர்வை உள்ளே இறங்குகிறது. வியர்வையில் உப்பும் லாக்டிக் அமிலமும் உண்டு, இரண்டும் நிக்கலைக் கரைக்கும். தங்கமும் நிக்கலும் ஒட்டியபடி ஈரத்தில் இருந்தால் ஒரு சின்ன மின்கலம் போல ஆகி, நிக்கல் இன்னும் வேகமாகக் கரைகிறது. எவர்சில்வரில் இது நடக்காததற்குக் காரணம் அதிலுள்ள குரோமியம். அது மேற்பரப்பில் ஆக்சைடு படலமாகி நிக்கலை உள்ளேயே பூட்டிவைக்கிறது.

எவர்சில்வர் என்றாலே பயமில்லை என்றும் சொல்ல முடியாது. 303 என்று ஒரு ரகம் உண்டு. கடைசலில் வெட்ட எளிதாக இருக்கட்டும் என்று அதில் கந்தகம் சேர்ப்பார்கள். நிக்கல் அளவு 304-ஐ ஒட்டித்தான் இருக்கும், ஆனால் கந்தகம் திரண்ட இடங்களில் உலோகம் அரிக்கப்படத் தொடங்குவதால் நிக்கல் பல மடங்கு அதிகமாகக் கசியும். அட்டையில் ‘சர்ஜிகல் ஸ்டீல்’ என்று மட்டும் போட்டிருந்தால் எந்த ரகம் என்று நமக்குத் தெரியாது.

சரி, கசிந்த நிக்கலைக் கண்டு உடம்பு ஏன் இப்படிக் கொதிக்கிறது? நிக்கல் அயனி மிகச் சிறியது. தனியாக வந்தால் நோய் எதிர்ப்பு மண்டலத்தின் கண்ணில் படாது. தோலிலுள்ள புரதங்களில் ஒட்டிக்கொண்ட பிறகுதான் அது அந்நியப் பொருளாகத் தெரிகிறது. இன்னொரு வேலையும் செய்கிறது. பாக்டீரியா நுழைந்ததை அறிவிக்கும் டிஎல்ஆர்4 என்ற ஏற்பியிலுள்ள ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலங்களில் நேரடியாக ஒட்டி, கிருமியே இல்லாமல் எச்சரிக்கை மணியை அடித்துவிடுகிறது. 2010-ல் வெளியான ஆய்வு இதைக் காட்டியது. எலியின் ஏற்பியில் அந்த ஹிஸ்டிடின்கள் இல்லை. எலிகளுக்கு நிக்கல் ஒவ்வாமையை எளிதில் உண்டாக்க முடியாமல் ஆராய்ச்சியாளர்கள் வெகுகாலம் திணறியதற்கு அதுவே முக்கியக் காரணம்.

மணி அடித்ததும் தோலிலுள்ள காவல் செல்கள் நிக்கல் ஒட்டிய புரதத்தை நிணநீர்க் கணுவுக்குக் கொண்டுபோகின்றன. அங்கே நிக்கலை அடையாளம் காணும் டி-செல்கள் என்ற வெள்ளையணுக்கள் பெருகுகின்றன. இதற்கு இரண்டு வாரமாவது ஆகும், சிலருக்கு மாதங்களோ வருடங்களோ பிடிக்கும். அதுவரை வெளியே ஒன்றும் தெரியாது. ‘இவ்வளவு நாள் இதையேதானே போட்டிருந்தேன், இப்போது மட்டும் ஏன்?’ என்று பலர் கேட்பதற்குப் பதில் இதுதான். டி-செல்கள் தயாரான பிறகு நிக்கல் பட்டால் ஓரிரு நாளில் அரிப்பு வந்துவிடும். அந்த நினைவு பெரும்பாலும் ஆயுளுக்கும் போகாது. அதனால்தான் கம்மலில் தொடங்கியவருக்குப் பிறகு ஜீன்ஸ் பட்டன் உரசும் தொப்புளுக்குக் கீழும், கைக்கடிகாரக் கொக்கி படும் மணிக்கட்டிலும் அதே தடிப்பு வருகிறது.

புதிதாகக் குத்திய காதில் ஆபத்து அதிகம். மேல்தோல் என்ற தடுப்பே அங்கே இல்லை, உலோகம் பச்சைப் புண்ணில் உட்கார்ந்திருக்கிறது. ஐரோப்பிய ஒன்றிய விதி இதைச் சரியாகவே கணக்கில் எடுத்திருக்கிறது. தோலில் நெடுநேரம் படும் பொருளிலிருந்து வாரத்துக்கு ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 0.5 மைக்ரோகிராம் நிக்கல் வரை கசியலாம். உடம்பில் குத்திப் போடும் தண்டுக்கு வரம்பு 0.2 மட்டுமே. பொருளைச் செயற்கை வியர்வையில் ஒரு வாரம் ஊறவைத்து அளப்பார்கள். டென்மார்க் 1990-லேயே இப்படிச் சட்டம் போட்டது. அதன்பின் காது குத்திக்கொண்ட இளம் பெண்களிடம் நிக்கல் ஒவ்வாமை குறைந்தது. நம் ஊரில் குழந்தைக்கு முதலில் 22 காரட் தங்கத்தில் குத்துகிற வழக்கம் இந்தக் கோணத்தில் மிக நல்லது. தங்கம் போக மீதி பொதுவாகச் செம்பும் வெள்ளியும்தான்.

ஆனால் தங்கத் தோடு போட்டவருக்கும் அரிப்பு வருவதுண்டு. தொலைந்துபோன திருகாணிக்குப் பதிலாகக் கவரிங் திருகாணி ஒன்றை மாட்டியிருப்பார்கள். காதுமடலின் முன்பக்கம் சுத்தமாக இருந்து, பின்பக்கம் மட்டும் அரித்தால் முதலில் திருகாணியைச் சந்தேகப்படுங்கள். ஒவ்வாமையில் அரிப்பு முன்னால் நிற்கும், பெரும்பாலும் இரண்டு காதிலும் வரும். ஒரே காதில் வலி, சூடு, சீழ் என்றால் அது கிருமித்தொற்றாக இருக்கலாம். சொறிந்து புண்ணானால் இரண்டும் சேர்ந்தே வருவதும் உண்டு. உறுதி செய்ய வேண்டுமென்றால் தோல் மருத்துவர் முதுகில் நிக்கல் சல்பேட் வைத்து ஒட்டி, இரண்டு நாள் கழித்து எடுத்துப் பார்ப்பார், அதற்கு அடுத்த நாட்களில் இன்னொரு முறையும் பார்ப்பார்.

நகையைச் சோதிக்கவும் ஒரு வழி இருக்கிறது. டைமெத்தில்கிளையாக்சைம் கரைசலும் அம்மோனியாவும் நனைத்த பஞ்சுக் குச்சியால் தண்டை அரை நிமிடம் தேய்த்தால், நிக்கல் வெளியேறினால் பஞ்சு இளஞ்சிவப்பாகும். பஞ்சு நிறம் மாறவில்லை என்பதற்காக முழுதாக நம்பிவிட வேண்டாம். முலாம் தேயாத புதுத் தோடு இன்று தேறிவிட்டு, மூன்று மாதம் கழித்துக் கசியலாம்.

வாங்கும்போது, ஒவ்வாமை தராது என்ற பொருளில் போடும் ‘ஹைப்போஅலர்ஜெனிக்’ என்ற எழுத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், என்ன உலோகம் என்று கேளுங்கள். என் முதல் தேர்வு டைட்டானியம், அதிலும் ASTM F136 என்று குறிப்பிட்டது. அது உடலுக்குள் பொருத்தும் கருவிகளுக்கான தரம். நியோபியமும் அதற்கு இணையாக நல்லது. 22 காரட் தங்கமும், செம்பு மட்டும் கலந்த 92.5 வெள்ளியும் பெரும்பாலோருக்கு ஒத்துக்கொள்ளும். வெள்ளைத் தங்கத்தில் கவனம் தேவை. மஞ்சள் நிறத்தைப் போக்க அதில் நிக்கல் சேர்ப்பதுண்டு, மேலே இருக்கிற ரோடியம் பூச்சு தேய்ந்தால் அது வெளியே வரும். ஹால்மார்க் முத்திரை தங்கத்தின் பங்கைச் சொல்லுமே தவிர, மீதியில் என்ன இருக்கிறது என்று சொல்லாது. ஜெர்மன் சில்வரில் வெள்ளி துளியும் கிடையாது, அது செம்பும் துத்தநாகமும் நிக்கலும் சேர்ந்த கலவை. ஒவ்வாமை உள்ளவர்கள் அதைத் தொடவே வேண்டாம்.

தண்டில் நிறமற்ற நகப்பூச்சு அடித்துக்கொள்வது ஒரு கல்யாண நாளைச் சமாளிக்க உதவலாம். உரசலில் அது உரிந்துவிடும் என்பதால் தினசரிக்கு ஆகாது. ஏற்கெனவே புண்ணாகியிருந்தால் தோட்டைக் கழற்றிவிட்டு, மருத்துவர் தரும் களிம்பைப் போட்டு, தோல் முழுதாக ஆறும்வரை காத்திருங்கள். மறுபடி போடும்போது தண்டு, திருகாணி, மாட்டல் மூன்றும் ஒரே நிக்கலில்லாத உலோகத்தில் இருக்கட்டும்.