திருவக்கரைக் கல்மரமும் பையில் வந்த ஏழு துண்டுகளும்

சென்ற ஆண்டு ஒரு கல்லூரி மாணவர் துணிப்பையோடு என் அறைக்கு வந்தார். பையை மேசையில் கவிழ்த்ததும் ஓடு உடைவதுபோல் கணீரென்று சத்தம். ஏழு கல்மரத் துண்டுகள். ஒவ்வொன்றும் கையளவு, ஒன்றில் மட்டும் மரத்தின் நார் அப்படியே கோடுகோடாக ஓடியது.

"இது என்ன மரம் சார்?"

"எங்கே எடுத்தப்பா?"

"விழுப்புரம் பக்கம் சார். நாலஞ்சு வருஷமா சேர்த்தது."

எந்த ஊர், எந்த நிலம், மேலே கிடந்ததா மண்ணுக்குள் இருந்ததா என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். ஏழில் ஒன்றுக்குத்தான் அவரால் இடம் சொல்ல முடிந்தது. நாற்பது ஆண்டுகளாகப் பாறை பார்ப்பவன் நான். ஆனாலும் மற்ற ஆறைப் பற்றி மரத்தின் வகையைத் தவிர என்னால் அதிகம் சொல்ல முடியவில்லை. ஏன் என்று புரிய, மரம் கல்லாகும் விதம் தெரிய வேண்டும்.

மரம் செத்தால் அதைத் தின்னப் பூஞ்சையும் பாக்டீரியாவும் கறையானும் காத்திருக்கும். அவற்றுக்குக் காற்று வேண்டும். மரம் விழுந்த கையோடு ஆற்று மணலிலோ சேற்றிலோ எரிமலைச் சாம்பலிலோ ஆழமாகப் புதைந்துவிட்டால் காற்று அறுபடும், அழுகல் மந்தமாகும். அந்த மணலுக்குள் ஊறும் நிலத்தடி நீரில், மணலுக்கும் குவார்ட்ஸுக்கும் மூலப்பொருளான சிலிக்கா கரைந்திருக்கும். லிட்டருக்குப் பொதுவாகச் சில பத்து மில்லிகிராம்தான். சாம்பல் கண்ணாடியும் ஃபெல்ஸ்பார் கனிமமும் மெல்லச் சிதையும்போது நீருக்கு வந்து சேர்வது இது.

கரைந்த சிலிக்கா முதலில் ஒட்டுவது மரத்தின் செல் சுவர்களில். சுவரிலுள்ள செல்லுலோஸும் லிக்னினும் அதைப் பிடித்துக்கொள்கின்றன. சுவர் முழுக்கச் சிலிக்கா படிந்த பிறகு நடுவிலுள்ள வெற்றுக் குழாய்களும் நிரம்புகின்றன. அச்சு எடுப்பதுபோல்தான், அதனால்தான் கோடி ஆண்டு கழித்தும் செல்லின் வடிவம் நுண்ணோக்கியில் தெரிகிறது. முதலில் படிவது பெரும்பாலும் ஓப்பல், நீர் கலந்த ஒழுங்கற்ற சிலிக்கா. காலம் போகப்போக அது இறுகி நுண்ணிய குவார்ட்ஸாக மாறுகிறது. கூடவே வரும் இரும்பு சிவப்பும் மஞ்சளும் பழுப்பும் தரும். மாங்கனீசு கருப்பைத் தரும்.

இதற்கு எப்போதுமே லட்சக்கணக்கான ஆண்டுகள் வேண்டும் என்றில்லை. ஜப்பானில் சிலிக்கா மிகுந்த வெந்நீர் ஊற்றுக் குளம் ஒன்றில் ஆல்டர் மரத்துண்டுகளைப் போட்டுவைத்துப் பார்த்தார்கள். ஏழே ஆண்டில் எடையில் ஏறக்குறைய 40 சதவீதம் சிலிக்காவாகிவிட்டது. சாதாரணக் குளிர்ந்த நிலத்தடி நீரில் அந்த வேகம் கிடையாது. அங்கே சிலிக்காவுக்கும் அழுகலுக்கும் போட்டி. அழுகல் முந்திய இடத்தில் நார் அழிந்துபோய், பொந்துக்குள் குவார்ட்ஸ் படிகங்கள் மட்டும் மின்னும். மாணவரின் துண்டுகளில் இரண்டில் அப்படி இருந்தது.

இதே கதை நம் திருவக்கரையில் பெரிய அளவில் நடந்தது. திண்டிவனத்துக்கும் புதுச்சேரிக்கும் இடையில், விழுப்புரம் மாவட்டத்தில் இருக்கிறது அந்தக் கல்மரப் பூங்கா. இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனம் தேசியப் புவியியல் நினைவுச் சின்னமாக அறிவித்த இடம். கடலூர் மணற்கல் எனப்படும் பாறை அடுக்கில் 200க்கு மேற்பட்ட மரங்கள் கிடக்கின்றன; வயது சுமார் 2 கோடி ஆண்டுகள். ஊசியிலை மரங்களோடு, புளி, மருது போன்றவற்றின் குடும்பங்களைச் சேர்ந்த மரங்களும் உண்டு.

ஒரு மரத்தின் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். கிளை இல்லை, பட்டை இல்லை, வேர் இல்லை, இலையும் இல்லை. அங்கேயே நின்று வளர்ந்த காடாக இருந்தால் இவற்றில் சிலவாவது மிஞ்சியிருக்கும். எங்கோ வளர்ந்து, வெள்ளத்தில் உருண்டு, தோல் உரிந்து, கிளை ஒடிந்து, ஆறு கொண்டுவந்து மணலில் போட்டவை இவை. சில மரங்கள் வாளால் அறுத்ததுபோல் துண்டுதுண்டாகக் கிடப்பதைப் பார்த்து, யாரோ வெட்டினார்கள் என்று நினைப்பவர்கள் உண்டு. குவார்ட்ஸ் நாராகப் பிளக்காது, கண்ணாடிபோல் முறியும். கல்லான பிறகு நிலம் அசைந்ததில் முறிந்தவை அவை.

ஆறு கொண்டுவந்தது என்ற முடிவு எந்தக் கல்லையும் அறுத்துப் பார்த்து வந்ததில்லை. மரங்கள் எந்த அடுக்கில், எப்படிக் கிடக்கின்றன, அருகில் என்ன இல்லை என்று பார்த்து வந்தது. இடம் தெரியாத அந்த ஆறு துண்டுகளும் இழந்தது இதைத்தான்.

அமெரிக்காவின் அரிசோனாவில் கல்மரக் காட்டுத் தேசியப் பூங்கா இருக்கிறது. அங்கிருந்து துண்டு எடுத்துப்போனவர்கள் மனம் உறுத்தி, மன்னிப்புக் கடிதத்தோடு அஞ்சலில் திருப்பி அனுப்புகிறார்கள். அந்தக் கற்களைப் பூங்காவில் மறுபடி பரப்புவதில்லை. எந்தக் கல் எங்கே கிடந்தது என்று தெரியாமல் போட்டால் அடுத்து ஆராய வருபவரை ஏமாற்றிவிடும். தனியே ஒரு குவியலாகக் கொட்டி வைத்திருக்கிறார்கள். அதே அமெரிக்காவில், பூங்காவுக்கு வெளியே, நிலமேலாண்மைத் துறையின் பொது நிலங்கள் பலவற்றில் சொந்த விருப்பத்துக்காக ஒருவர் நாளொன்றுக்கு 25 பவுண்டும் கூடுதலாக ஒரு துண்டும் எடுக்கலாம், ஆண்டுக்கு 250 பவுண்டுக்கு மிகாமல். விற்கக் கூடாது. 250 பவுண்டு என்றால் சுமார் 113 கிலோ.

நம் ஊரில் அப்படி அளவு வைத்துத் தரும் அனுமதி கிடையாது. புவியியல் பாரம்பரிய இடங்களுக்கான சட்ட வரைவு ஒன்றை மத்திய சுரங்க அமைச்சகம் 2022இல் வெளியிட்டது. அது சட்டமாகும் வரை, என்னிடம் வருகிறவர்களுக்கு நான் சொல்வது இது: திருவக்கரை, பெரம்பலூர் சாத்தனூர் போன்ற பாதுகாக்கப்பட்ட இடங்களில் ஒரு சில்லும் தொடாதீர்கள். காப்புக் காட்டிலும் அனுமதியின்றிக் கல் எடுக்கக் கூடாது. பட்டா நிலம் என்றால் சொந்தக்காரரிடம் முன்பே கேட்டு, என்ன எடுக்கிறீர்கள் என்று காட்டிவிட்டு எடுங்கள். உழவில் மேலே வந்து உருண்டு கிடப்பதை எடுக்கலாம், கையளவில், ஒன்றிரண்டு போதும். பாறைக்குள் பாதி புதைந்திருக்கும் மரத்தைக் கடப்பாரை போட்டுப் பெயர்க்காதீர்கள். எலும்போ பல்லோ தென்பட்டால் தொடாமல் படம் எடுத்துப் புவியியல் ஆய்வு நிறுவனத்துக்கோ அருகிலுள்ள கல்லூரிப் புவியியல் துறைக்கோ சொல்லுங்கள்.

எடுக்கும் முன் கிடந்தபடியே இரண்டு படம்: பக்கத்தில் ஒரு பேனாவை வைத்து ஒன்று, சுற்றுப்புறம் தெரிய இன்னொன்று. கைபேசியிலிருந்து இட ஆயத்தொலைவு, தேதி, மேலே கிடந்ததா மணற்கல்லில் ஒட்டியிருந்ததா என்ற குறிப்பு. கல்லின் மூலையில் வெள்ளை பெயிண்டில் எண், அதே எண் நோட்டிலும். காகிதச் சீட்டு மட்டும் போதாது, பிரிந்துவிடும்.

கல்மரம்தானா என்ற சந்தேகம் வந்தால், எஃகுக் கத்தியால் கீறிப் பாருங்கள். குவார்ட்ஸான மரத்தில் கீறல் விழாது, கத்தியின் சாம்பல் கோடுதான் படியும். ஆனால் சாதாரணக் குவார்ட்ஸ் கல்லும் அப்படித்தான். அதனால் குறுக்கு முறிவை நனைத்துப் பத்து மடங்கு லென்ஸில் பாருங்கள். ஊசிக்குத்துப்போல் துளைகள் வரிசையாகத் தெரிந்தால் அகலிலை மரம். துளையே இல்லாமல் நுண்ணிய கட்டம் கட்டமாக இருந்தால் பெரும்பாலும் ஊசியிலை. பெயர் சொல்ல இது போதாது. குறுக்கு, ஆரம், தொடுகோடு என்று மூன்று திசையிலும் அறுத்து, 0.03 மில்லிமீட்டர் கனத்துக்குத் தேய்த்த சீவல்கள் வேண்டும்.

இடம் சொல்ல முடிந்த அந்த ஒரு துண்டில் துளைகள் இருந்தன. மாணவர் மறுவாரமே அந்த முந்திரித் தோப்புக்குப் போய், சொந்தக்காரரோடு நின்று, துண்டு கிடந்த ஓடைக்கரையைப் படம் எடுத்து வந்தார். கரையின் இடுப்பளவு உயரத்தில் கூழாங்கல் அடுக்கு ஒன்று. அதிலிருந்து இன்னொரு மரத்தின் முனை துருத்திக்கொண்டிருந்தது.

"எடுக்கல சார்," என்றார்.